ஆறு நாள் தங்கிய வீட்டுக்கு என்ன கொடுப்பது? ஒரு தோசைக்கல்லின் கணக்கு

கல்யாணமாகி முதல் சில வருடங்கள் உறவினர் வீட்டுக்குப் போனால் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கொள்வார்கள். பையில் என்ன இருக்கிறது என்றுகூட நமக்குத் தெரியாது. பிறகு ஒரு கோடை விடுமுறையில் நாமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஐந்தாறு நாள் தங்க வேண்டி வருகிறது. கிளம்பும் நாளுக்கு முதல் நாள் மாலைதான் "சித்திக்கு என்ன கொடுப்பது?" என்ற கேள்வி வரும். அவசரமாகப் பக்கத்துக் கடையில் ஒரு புடவையோ கண்ணாடிக் கிண்ணமோ வாங்கிக் கையில் திணித்துவிட்டு ரயில் ஏறுவோம். நானும் சில வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது வேறு மாதிரி செய்கிறேன். புதிதாகத் தனிக்குடும்பமாக ஊருக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், கடந்த மே மாதம் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டை. நான், கணவர், பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள். தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் சித்தி, சித்தப்பா, சித்தப்பாவின் அம்மா, கல்லூரியில் படிக்கும் தங்கை, பள்ளியில் படிக்கும் தம்பி என ஐந்து பேர். அந்த வீட்டில் ஆறு நாள் நாங்கள் நான்கு பேர் கூடுதலாக இருந்தோம்.

முதலில், அந்த வீட்டுக்கு நாம் எவ்வளவு பாரம் என்று பார்ப்பது

இதைக் கணக்குப் போடச் சொல்வது பணத்தைத் திருப்பிக் கொடுக்க இல்லை. உறவில் அப்படிக் கொடுக்கவும் முடியாது. பாரம் எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் நன்றியை எங்கே சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

பால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கூடும். குடிக்க 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கும் வீடு என்றால் இரண்டு நாளைக்கு ஒரு கேன் கூடுதலாகத் தீரும். இவை கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத பெரிய செலவு ஏசி. நமக்குக் கொடுத்த அறையில் இரவு எட்டு மணி நேரம் ஒன்றரை டன் ஏசி ஓடினால், ஓர் இரவுக்குச் சுமார் எட்டு முதல் பத்து யூனிட் ஆகும். ஆறு இரவுக்கு ஐம்பது, அறுபது யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அந்தக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் சேர்த்துக் கூடுகிறது. மே மாதத்தில் ஏற்கெனவே 450 யூனிட்டில் நிற்கும் வீட்டை நம் ஆறு இரவு அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடலாம். சித்தி இதை வாய் திறந்து சொல்லவே மாட்டார். பகலில் அறையை விட்டு வெளியே வரும்போது பிள்ளைகள் ஏசியை அணைக்கிறார்களா என்று நாம்தான் பார்க்க வேண்டும். எந்தப் பரிசையும் விட இது முந்தியது என்று நினைக்கிறேன்.

ஆனால் உண்மையான பாரம் ரூபாயில் இல்லை. ஒன்பது பேருக்குத் தோசை ஊற்றுகிறவரின் கையில் இருக்கிறது. ஆளுக்கு மூன்று என்றாலும் ஒரு வேளைக்கு இருபத்தேழு தோசை. நன்றி அந்தக் கைக்குப் போய்ச் சேர வேண்டும். "வீட்டுக்கு" என்று வாங்கும் சுவர்க்கடிகாரமும் பூச்சாடியும் அந்தக் கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

எவ்வளவு செலவழிக்கலாம்

ஆறு நாள் விடுதியில் தங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு அதில் பாதிக்காவது வாங்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: அடுத்த வருடம் சித்தி நம் வீட்டுக்கு வந்தால் சிரமப்படாமல் அதே அளவு செய்ய முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் நாம் கடன் ஏற்றிவிட்டு வருகிறோம் என்று அர்த்தம்.

இதை ஒரு புடவையில்தான் கற்றுக்கொண்டேன். சில வருடம் முன்பு கிளம்பும் அன்று சித்திக்கு 1,800 ரூபாய்க்கு ஒரு புடவை கொடுத்தேன். சித்தி உடனே பீரோவைத் திறந்து, யாரோ அவருக்குக் கொடுத்து அவர் கட்டாமல் வைத்திருந்த பட்டை எடுத்து என் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. என் புடவையின் விலையைவிட இரண்டு மடங்காவது இருக்கும். நான் நன்றி சொல்லப் போய் அவருக்குச் செலவு வைத்துவிட்டு வந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், விலை மட்டும் காரணமில்லை. கிளம்பும் நேரத்தில், எல்லோர் முன்னும், புடவைக்குப் புடவை என்று உடனே ஈடு செய்யக்கூடிய ஒன்றைக் கொடுத்ததுதான் காரணம். நம் வீடுகளில் வெறுங்கையோடு அனுப்புவது வழக்கமில்லையே.

இந்த முறை எங்கள் மொத்தச் செலவு சுமார் 3,500 ரூபாய். போகும்போது கொண்டுபோனதற்கு 700. இருந்த நாட்களில் காய், பழம், பால் என்று வாங்கியது 900. கிளம்பும்போது தங்கைக்கும் தம்பிக்கும் கையில் ஆளுக்கு 201. அந்த வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு 300. ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து அனுப்பிய தோசைக்கல்லுக்கு, பார்சலோடு சேர்த்து 1,200. பாதிக்கு மேல் சின்னச் சின்னதாகப் போயிருக்கிறது, அதனால் எதுவும் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

போகும்போது கொண்டுபோவது

போகும்போது கொண்டுபோவதும் தங்கிவிட்டுக் கொடுப்பதும் வெவ்வேறு. முதலாவது "வந்திருக்கிறோம்" என்று சொல்வது, அதற்கு ஊர்ப் பண்டம் போதும். இரண்டாவதையும் ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். தங்கிப் பார்ப்பதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று தெரியாது.

திருநெல்வேலியிலிருந்து போகிறவர்களுக்கு அல்வா என்பது கேள்வியே இல்லாத வழக்கம். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் என்பதால் வெளியிலேயே ஒரு வாரம் நிற்கும், ரயிலில் ஓர் இரவு ஒன்றும் செய்யாது. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு போன் போட்டு அந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று கேட்டுவிடுங்கள். சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு கிலோ அல்வாவை வீட்டின் நடுவில் வைத்துவிட்டு அவரை மட்டும் பார்க்க வைப்பது நன்றாக இருக்காது. அரைக் கிலோ அல்வா, அவருக்குத் தனியாகக் காராச்சேவு கால் கிலோ, பாட்டிக்குச் சில்லுக் கருப்பட்டி என்று பிரித்துக்கொண்டோம். கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அதனால் அதைப் பாட்டியின் கையில் கொடுத்து, "இது உங்களுக்கு மட்டும்" என்று சொன்னோம். சுக்கும் ஏலக்காயும் போட்ட அந்தச் சில்லை அவர் தினம் ஒன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அல்வாவைக் கொடுத்த சம்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டிய பாத்திரத்தில் எதையும் கொண்டுபோகாதீர்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று சித்தி அதில் எதையாவது நிரப்பத் தேடுவார். கடை டப்பாவே நல்லது.

இரண்டாம் நாளிலிருந்து பார்ப்பது

"உங்களுக்கு என்ன வேணும் சித்தி?" என்று கேட்டுப் பயனில்லை. "ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்ததே போதும்" என்பதுதான் பதில். கடைவீதியில் அவர் ஆசையாக எடுத்துப் பார்ப்பதை வாங்கிக் கொடுப்பதும் சரிவராது, தான் கேட்டுவிட்டதாக அவருக்குக் கூச்சமாகிவிடும். அடுக்களையில் கூட நின்று வேலை செய்யுங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

நான் இரண்டாம் நாள் காலையில் கவனித்தேன். சித்தி நான்ஸ்டிக் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நடுவில் பூச்சு உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது, அந்த இடத்தில் மட்டும் மாவு ஒட்டியது. ஒவ்வொரு தோசைக்கும் அந்த இடத்தைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. ஒன்பது பேருக்கு முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான்காம் நாள் பேச்சுவாக்கில் அவரே சொன்னார், "அம்மா குடுத்த இரும்புக்கல்லு இருந்துச்சுட்டி. சூடா இருக்கையில யாரோ பச்சத்தண்ணிய ஊத்தி விரிசல் விட்டுப்போச்சு. அதுல வந்த மொறுமொறுப்பு இதுல வரவே மாட்டேங்கு."

இப்படி இரண்டும் ஒன்றாக வரும் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை சிரமப்படுகிறது, வாய் பழையதை நினைக்கிறது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெறும் குறையை மட்டும் பார்த்து வாங்கினால், "உன் வீட்டில் இது சரியில்லை" என்று சொன்னது போல ஆகிவிடும். மிக்ஸியின் சத்தத்தைக் கேட்டுப் புது மிக்ஸி வாங்கிக் கொடுத்த உறவினரை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர் மேல் வருத்தம்தான் மிஞ்சியது. சித்தியின் அம்மா என் ஆச்சிதான். ஆச்சி கொடுத்தது போல ஒரு கல் என்றால் அது குறையைச் சொல்வதாக ஆகாது.

கண்டுபிடித்தவுடன் வாங்கப் போய்விடாமல் தங்கையிடம் தனியாகக் கேட்டேன். மூன்று கேள்வி. பரணில் வேறு கல் ஏதாவது இருக்கிறதா? அம்மா வேறு யாரிடமாவது சொல்லி வைத்திருக்கிறார்களா? இரும்புச் சாமானை அன்பளிப்பாக வாங்கிக்கொள்வதில் இந்த வீட்டில் தயக்கம் உண்டா? கடைசிக் கேள்வி முக்கியம். இரும்பைச் சனியோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டார்கள், பிறரிடமிருந்து சும்மா வாங்கிக்கொள்ளவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு ரூபாயை விலையாக வாங்கிக்கொண்டு கொடுத்தால் சில பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் வேறு பொருளுக்குப் போய்விட வேண்டும், வாதாடக் கூடாது. சித்தி வீட்டில் சனிக்கிழமை மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பிறகு அளவு. பிள்ளையின் பள்ளி ஸ்கேலை எடுத்து அடுப்பில் ஒரு பர்னரின் நடுவிலிருந்து அடுத்த பர்னரின் நடு வரை அளந்தேன். பெரிய பன்னிரண்டு அங்குலக் கல்லை வைத்தால் பக்கத்து அடுப்பில் குழம்புச் சட்டி வைக்க இடமிருக்காது. பத்து அங்குலம் சரியாக இருந்தது. சித்திக்கு வலது மணிக்கட்டில் வலி வேறு உண்டு. வார்ப்பிரும்பில் பத்து அங்குலமே இரண்டு கிலோவுக்குக் குறையாது, பன்னிரண்டு என்றால் தூக்கிக் கழுவவே ஒருவர் துணை வேண்டும். நல்லதாக இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கினால் பரணுக்குத்தான் போகும்.

வெறும் கல் பரிசாகாது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். கடையில் வாங்கிய, பழக்காத புது இரும்புக்கல்லில் தோசை சரியாக வராது. அதைப் பழக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். பழக்காத கல்லைக் கொடுப்பது அடுக்களையில் ஏற்கெனவே நேரமில்லாத ஒருவருக்கு ஒரு வார வேலையைக் கொடுப்பது. நாமே பழக்கிக் கொடுத்தால் நம் கை வேலையும் அதில் சேர்கிறது, கொடுக்கிற விலையைவிட அது பெரிது.

வாங்கும்போது தகட்டுக்கல்லா வார்ப்புக்கல்லா என்று பாருங்கள். இரும்புத் தகட்டில் அடித்த கல் கனம் குறைவு, விழுந்தாலும் உடையாது, ஆனால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். வார்ப்புக்கல் மெதுவாகச் சூடாகி அப்படியே நிற்கும், அதனால் அடுத்தடுத்துத் தோசை ஊற்ற அதுதான் நல்லது. கீழே போட்டால் உடையும். தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒரே ஓசை வர வேண்டும், மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல் இருக்கலாம். அடிப்பகுதியைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்து, ஆடாமல் உட்காருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்தேன். கருப்பாக மசகுத் தண்ணீர் வரும், அது நிற்கும் வரை தேய்க்க வேண்டும். பிறகு சோறு வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊற வைத்தேன். தினமும் பழைய கஞ்சியைக் கொட்டிவிட்டு, கல்லைத் தேய்த்துக் கழுவி, புதுக் கஞ்சி ஊற்ற வேண்டும். நான்காம் நாள் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைத்து, ஆறிய பிறகு நல்லெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்தேன். மறுநாள் சிறு தீயில் சூடாக்கி, எண்ணெயில் தொட்ட பாதி வெங்காயத்தால் வட்டமாகத் தேய்த்து, அணைத்து ஆறவிட்டு, மறுபடி தடவினேன். இரண்டு நாள் இப்படிச் செய்த பிறகு தோசை ஊற்றிப் பார்த்தேன். முதல் மூன்று தோசை பிய்ந்துதான் வந்தது, கருமையும் ஒட்டியிருந்தது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். ஐந்தாவது தோசை ஓரம் தானாகவே எழும்பியது. கல் பழகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தினமும் அந்தக் கல்லில்தான் தோசை. உபயோகித்த பொருளைக் கொடுப்பதா என்று கணவர் கேட்டார். கல்லைப் பொறுத்தவரை பழகியதுதான் புதிதைவிட உயர்ந்தது என்று எந்தத் தோசை ஊற்றும் கைக்கும் தெரியும்.

கிளம்பும் நாள்

கிளம்பும் நாளில் பெரிய பரிசு எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்வேன். அன்று செய்ய வேண்டியவை வேறு.

வேலைக்கு வரும் அக்காவுக்கு நம்மால் பாத்திரம் இரண்டு மடங்காகியிருக்கும். அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும், ஆனால் முதலில் சித்தியிடம் சொல்லிவிட்டு. சொல்லாமல் கொடுத்தால், சித்தி என்ன சம்பளம் கொடுக்கிறார், நாம் கொடுத்தது அதில் எவ்வளவு என்பதெல்லாம் தெரியாமல் அவர்கள் இருவருக்கும் நடுவில் நாம் புகுந்தது போல ஆகிவிடும். முதல் நாள் இரவே, "அக்காவுக்கு ஒரு முந்நூறு கொடுக்கலாம்னு இருக்கேன், சரிதானே சித்தி?" என்று கேட்டேன். "குடு, ஆனா அதுக்கு மேல வேண்டாம்" என்றார். காலையில் என் மகள் கையால் கொடுக்கச் சொன்னேன்.

பிள்ளைகளுக்குக் கையில் காசு கொடுப்பது நம் வழக்கம். பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது, ஒற்றைப்படையில், கடைசி ஒரு ரூபாயோடு. இருவருக்கும் ஒரே தொகை. கல்லூரிப் பெண்ணுக்குக் கூடுதல், சின்னவனுக்குக் குறைவு என்று பிரித்தால் அந்த வீட்டில் பேச்சாகும். இந்தத் தொகையில் கவனம் வேண்டும், ஏனென்றால் இது அன்றே திரும்பி வரும். நாம் 201 கொடுத்தால் சித்தப்பா நம் பிள்ளைகளுக்கு அதே அளவாவது கொடுப்பார். நாம் 501 கொடுத்தால் அவருக்கும் 501 எடுக்க வேண்டியதாகிவிடும். ஓய்வு பெற்ற மனிதர் அவர்.

சித்தியின் கையில் செலவுக்கென்று பணம் கொடுக்கவே கூடாது. "நான் என்ன வேத்து ஆளா?" என்று கேட்டுவிட்டால் அந்தக் காயம் ஆற நாளாகும். அதற்குப் பதில், இருக்கும் நாட்களிலேயே காலையில் பால் வாங்கப் போகிறவராக நாம் இருந்துவிடலாம். கணவர் தினமும் நடைப்பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது பாலும் காயும் வாங்கி வந்தார். கொடுத்தது என்று யாரும் எண்ணவில்லை, வாங்கிவிட்டு வந்தது என்றுதான் எண்ணினார்கள். மருத்துவமனைக்கோ படிப்புக்கோ மூன்று வாரம், ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு இது போதாது. அப்போது அரிசி மூட்டையையும் சிலிண்டரையும் முதல் வாரத்திலேயே "இந்த மாதம் என் பொறுப்பு" என்று வெளிப்படையாகப் பேசி எடுத்துக்கொள்வதுதான் மரியாதை.

கிளம்புவதற்கு முன் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், ஒரு முழம் மல்லிகை வைத்துச் சித்திக்குக் கொடுத்து விழுந்து கும்பிட்டோம். பாட்டி கணவரை இழந்தவர். இப்படித் தட்டு கொடுக்கும் நேரத்தில் அவர் தானாகவே உள்ளே போய்விடுவார். அதனால் முதலில் பாட்டியின் அறைக்குப் போய்ப் பழத்தைக் கையில் கொடுத்து ஆசி வாங்கிக்கொண்டோம், பிறகுதான் தட்டை எடுத்தோம். அந்த வரிசை மாறினால் ஒரு வயதான மனது நோகும். முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளில் தங்கியிருந்தால் இந்தத் தட்டு தேவையில்லை. பழமும் பூவும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

தங்கியிருந்த அறையின் விரிப்பை உரித்து, தலையணை உறையோடு சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள். கழுவிப்போட நேரமிருந்தால் இன்னும் நல்லது.

ஊருக்கு வந்த பிறகு

ரயிலை விட்டு இறங்கியதும் போன். "வந்து சேந்துட்டோம்" என்ற அந்தச் சொல் வரும் வரை அங்கே தூக்கம் வராது. மாலையில் இன்னொரு போன், அதில் மகன் பாட்டியிடம் பேச வேண்டும், மகள் தம்பியிடம் பேச வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கிவிடுங்கள்.

கல்லை மூன்று வாரம் கழித்து அனுப்பினேன். பழக்க நேரம் வேண்டியிருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், தூரத்திலிருந்து வரும் பொருளுக்கு எதிரே பீரோவைத் திறந்து பட்டு எடுத்துக் கொடுக்க முடியாது. கல்லை நன்றாகக் காய வைத்து, மெல்லியதாக நல்லெண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாள் நான்கு சுற்று, அதன் மேல் தடித்த அட்டை என்று கட்டினேன். எண்ணெய் தடவாமல் அனுப்பினால் வழியில் மழை ஈரம் பட்டு, போய்ச் சேர்வதற்குள் செம்மையாகத் துரு பூத்துவிடும். பெட்டிக்குள் கல் ஆடக் கூடாது, ஆடினால் வார்ப்பு விளிம்பில் தெறிக்கும். நான்கு மூலையிலும் தென்னை நார் அடைத்தேன். வெறும் பாத்திரம் அனுப்பக் கூடாது என்பதற்காகக் கல்லின் மேல் ஒரு சின்னப் பொட்டலம் கல்கண்டும் கொஞ்சம் உளுந்தும் வைத்தேன். வியாழக்கிழமை பார்சல் போட்டால் சனிக்கிழமை போய் நிற்கும் என்று, திங்கட்கிழமை போட்டேன். பெட்டியின் மேல் தங்கையின் போன் எண். அடுக்குமாடியில் காவலாளியிடம் விட்டுவிட்டுப் போனால் வாங்க ஒருவர் இருக்க வேண்டுமே.

உள்ளே ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்தேன். ஆச்சி கல்லின் நினைவாக. பழக்கியாயிற்று, உடனே ஊற்றலாம். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் வேண்டாம். கழுவினால் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். அவர் செய்ததற்கு நன்றி என்றெல்லாம் எழுதவில்லை, எழுதியிருந்தால் சித்திக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சித்தி போன் செய்தார். எடுத்தவுடன், "ஏட்டி, எதுக்கு இதெல்லாம்?" என்றார். இந்தக் கேள்வி கட்டாயம் வரும், அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். "நீங்க செஞ்சதுக்குப் பதிலா" என்று மட்டும் சொல்லக் கூடாது, அது கணக்குத் தீர்ப்பது போல ஆகிவிடும். "அடுத்த தடவை வரும்போது எனக்கு அதுல முறுகலா ரெண்டு தோசை வேணும் சித்தி, அதுக்குத்தான்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னால் கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது. "இரு, திருப்பிப் போட்டுட்டு வாரேன்" என்று போனை வைத்துவிட்டுப் போனார்.